ஒரே கால்கள், இரண்டு விடைகள்: செங்குத்துக் குதிப்பையும் 30 மீட்டர் ஓட்டத்தையும் பருவத்துக்குப் பருவம் ஒப்பிடத் தக்கதாக்கிய கதை

பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து கபடிக்கும் தடகளத்துக்கும் தேர்ந்தெடுத்த 22 மாணவர்களுக்கு 2022 ஜூலையில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் இரண்டு சோதனைகளை நடத்தினோம். ஒன்று சுவரோரம் நின்று எம்பித் தொடும் செங்குத்துக் குதிப்பு. மற்றொன்று நின்ற நிலையிலிருந்து தொடங்கும் 30 மீட்டர் விரைவோட்டம். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி நடந்திருந்தது. அதன் பலனை எண்களில் காட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

எண்கள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. குதிப்பின் சராசரி 34.2 சென்டிமீட்டரிலிருந்து 39.5 சென்டிமீட்டராக உயர்ந்திருந்தது. ஓட்டத்தின் சராசரி 4.82 வினாடியிலிருந்து 5.01 வினாடியாக மோசமாகியிருந்தது. நிலத்தை உதைக்கும் விசையைத்தான் இரண்டு சோதனைகளும் வெவ்வேறு வழியில் காட்டுகின்றன. ஒரு தனி மாணவனிடம் ஒன்று ஏறி மற்றொன்று இறங்கலாம். ஆனால் 22 பேரின் சராசரியில் குதிப்பு ஐந்து சென்டிமீட்டர் ஏறி, ஓட்டம் ஐந்தில் ஒரு வினாடி இறங்கியதை உடலால் விளக்க முடியாது. அளந்த விதம்தான் மாறியிருக்க வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்ததும், அதன்பின் சோதனைகளை மாற்றியமைத்ததுமே இந்த ஆய்வு.

குதிப்பில் ஒளிந்திருந்த வளர்ச்சி

சுவரில் எம்பித் தொடும் சோதனை 1921-இல் அமெரிக்காவின் டட்லி சார்ஜென்ட் எழுதியதிலிருந்து அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இதில் இரண்டு அளவுகள் உண்டு. மாணவன் பாதம் முழுவதும் தரையில் பதிய நின்று, கையை நீட்டித் தொடும் உயரம் ஒன்று. எம்பிக் குதித்துத் தொடும் உயரம் மற்றொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் குதிப்பின் உயரம் கிடைக்கும். ஆசிரியரின் கவனமும் மாணவனின் ஆர்வமும் இரண்டாவது அளவின் மேல் குவிவதால், முதல் அளவு ஒரு சடங்காகிவிடுகிறது. பிழையும் அங்கேதான் குடியேறுகிறது.

எங்கள் பதிவேட்டைப் புரட்டியபோது டிசம்பர்ப் பக்கத்தில் நின்ற நிலை உயரத்துக்கான கட்டம் நிரப்பப்பட்டே இருந்தது. ஆனால் ஒரு எண்கூட ஜூலைப் பக்கத்திலிருந்து மாறவில்லை. நேரத்தை மிச்சப்படுத்த ஜூலை எண்களையே பார்த்து எழுதியிருந்தோம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களை ஐந்து மாதம் கழித்து அளக்கும்போது இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. அந்த வயதில் வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும்போது உயரம் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூடக் கூடும். கையும் சேர்ந்து நீள்வதால், நீட்டித் தொடும் உயரம் உடல் உயரத்தைவிடவும் சற்றுக் கூடுதலாகவே ஏறும்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணக்கை மட்டும் பார்ப்போம். ஜூலையில் அவன் நின்று தொட்டது 196 சென்டிமீட்டர், குதித்துத் தொட்டது 229, ஆகவே குதிப்பு 33. டிசம்பரில் குதித்துத் தொட்டது 237. பழைய 196-ஐக் கழித்து 41 என்று எழுதி, எட்டு சென்டிமீட்டர் முன்னேற்றம் என்று பாராட்டவும் செய்துவிட்டோம். ஜனவரியில் மீண்டும் நிறுத்தி அளந்தபோது அவன் நின்றபடியே 201-ஐத் தொட்டான். அப்படியானால் டிசம்பர்க் குதிப்பு 36 தான். எட்டில் ஐந்து சென்டிமீட்டர் பயிற்சி தந்ததல்ல, பையன் வளர்ந்தது. 22 பேரையும் இப்படித் திரும்ப அளந்ததில் நின்ற நிலை உயரம் சராசரியாக 2.9 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. 5.3 சென்டிமீட்டர் முன்னேற்றத்தில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிட்டது.

மீதி 2.4 சென்டிமீட்டருக்கும் உரிமை கோர வேறு இரண்டு காரணங்கள் காத்திருந்தன. ஜூலையில் அளந்தவர் என் சக ஆசிரியர். இரண்டு முயற்சிகள் மட்டுமே கொடுத்தார், காலை நகர்த்த விடவில்லை. டிசம்பரில் அளந்தவன் நான். சாக்பீஸ் தடம் தெளிவாக விழும்வரை குதிக்கச் சொன்னேன், சிலர் ஓரடி பின்வாங்கி அடி எடுத்து வைத்துக் குதித்ததையும் தடுக்கவில்லை. பிறகு எட்டு மாணவர்களை அடி எடுத்து வைக்காமலும், ஓரடி எடுத்து வைத்தும் குதிக்கவைத்துப் பார்த்தேன். அந்த ஓரடி அவர்களுக்குச் சராசரியாக மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கொடுத்தது. முயற்சிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். சிறந்த முயற்சியை மட்டும் எழுதும் வழக்கத்தில், ஆறு முறை குதிப்பவனின் சிறந்தது இரண்டு முறை குதிப்பவனின் சிறந்ததைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு மிகுதி. காலில் புதிய வலு எதுவும் வராமலேயே எண் ஏறிவிடும். டிசம்பரில் யார் அடி எடுத்து வைத்தார்கள், யார் எத்தனை முறை குதித்தார்கள் என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை. எனவே அந்த 2.4 சென்டிமீட்டரில் உண்மையான முன்னேற்றம் எவ்வளவு என்பதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

ஓட்டத்தில் வீசிய காற்று

ஓட்டத்தின் விடை எங்கள் ஊரின் பருவநிலையிலேயே இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்தை உலுக்கி எடுக்கும். சுற்றிலும் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. எங்கள் ஓடுபாதை மேற்கிலிருந்து கிழக்காக இருந்தது. ஜூலையில் 22 பேரும் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். டிசம்பரில் வடகிழக்குக் காற்று. வேகம் குறைவுதான், ஆனால் அது முகத்தில் வீசியது.

இதன் அளவை அறிய 2023 ஜூலையில், காற்று வலுக்கத் தொடங்கும் முற்பகல் பதினொரு மணிக்குப் பத்து மாணவர்களை ஒரே பாதையில் இரு திசைகளிலும் ஓடவிட்டோம். பாதிப் பேர் முதலில் கிழக்கே, மீதிப் பேர் முதலில் மேற்கே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே ஐந்து நிமிட ஓய்வு. கிழக்கே ஓடியபோது சராசரி 4.79 வினாடி, மேற்கே ஓடியபோது 5.05 வினாடி. ஒரே மாணவர்கள், ஒரே முற்பகல், வேறுபாடு மட்டும் கால் வினாடி. சர்வதேசத் தடகளத்தில் 100 மீட்டர் சாதனைக்கு வினாடிக்கு 2 மீட்டர் வரையிலான பின்காற்றைத்தான் ஏற்கிறார்கள் என்பதைப் படித்திருக்கிறோம். பள்ளி மைதானத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதுதான் விந்தை. இன்னொன்றும் உண்டு. எதிர்காற்று பறிப்பது பின்காற்று கொடுப்பதைவிட அதிகம். எனவே இரு திசையிலும் ஓடவிட்டுச் சராசரி எடுத்தாலும் பலத்த காற்றின் விளைவு முழுதாக நீங்காது.

காற்றுக்கு அடுத்தது கடிகாரத்தைத் தொடங்கிய முறை. ஜூலையில் விசில் ஊதி ஓட்டத்தைத் தொடங்கினோம். நேரம் எடுத்தவர் முடிவுக்கோட்டில் நின்று, விசில் சத்தம் கேட்டதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். ஒலி 30 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.09 வினாடி ஆகும். தொடக்கக்கோட்டில் நிற்கும் மாணவனின் காதில் விசில் விழுந்து, அதற்கும் பிறகுதான் முடிவுக்கோட்டில் நிற்பவரின் காதில் விழுகிறது. அந்த அளவுக்குப் பதிவான நேரம் குறைந்துவிடும். டிசம்பரில் தொடக்கக்காரர் ‘கோ’ என்று சொல்லியபடியே கொடியைத் தாழ்த்தினார், நேரம் எடுத்தவர் கொடியைப் பார்த்து அழுத்தினார். கண்ணால் கண்டு அழுத்துவது காதால் கேட்டு அழுத்துவதைவிடச் சற்றே தாமதப்படும் என்பதால் முழு 0.09 வினாடியும் வித்தியாசமாக மாறவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 0.05 வினாடி இந்த ஒரு மாற்றத்தாலேயே கூடியிருக்கும். டிசம்பர் மழைக்குப் பிறகு செம்மண் தரை மெத்தென்று கிடந்ததும், ஜூலையில் வெறுங்காலோடு ஓடிய சிலர் டிசம்பரில் பள்ளி ஷூவோடு ஓடியதும் இவற்றோடு சேரும். 0.19 வினாடிச் சரிவுக்கு இவையெல்லாம் தாராளமாகப் போதும். பயிற்சி ஓட்டத்தைக் கெடுத்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் மிஞ்சவில்லை.

தேடும்போது சிக்கிய இன்னொரு பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது வேறு வகையைச் சேர்ந்தது. பாதையை அளக்கப் பயன்பட்ட நார் டேப்பின் நுனி கிழிந்து போய், முதல் இருபது சென்டிமீட்டர் இல்லாமலேயே இருந்தது. வளையத்தை யாரோ வெட்டிய நுனியில் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆக எங்கள் 30 மீட்டர் உண்மையில் 29.8 மீட்டர். முடிவுக்கோட்டை நெருங்கும்போது மாணவர்களின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால் 0.03 வினாடி குறைவாக வந்திருக்கும். ஆனால் ஜூலையிலும் டிசம்பரிலும் அதே டேப்தான். எனவே இரண்டையும் ஒப்பிடும்போது இந்தப் பிழை தானே கழிந்துவிடுகிறது. புதிய எஃகு டேப் வாங்கிய நாளில்தான் அது திடீரென்று ‘சரிவாக’ முளைத்திருக்கும். வேறு பள்ளியின் எண்களோடு ஒப்பிடுவதானால் அளவு சரியாக இருக்க வேண்டும். நம் மாணவனை அவனது போன பருவத்து எண்ணோடு ஒப்பிடுவதானால் அளவு மாறாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் எங்கள் வேலை. பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வந்தன.

குதிப்புக்கு வகுத்த முறை

சுவரில் 150 முதல் 320 சென்டிமீட்டர் வரை கோடிட்ட கறுப்புப் பலகையை அடித்து, அதன் கீழே சிமென்ட் தளம் போட்டோம். பலகை ஒரு சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தாலும் கவலையில்லை. நின்று தொடுவதையும் குதித்துத் தொடுவதையும் அதே தளத்தில், அதே பலகையில் எடுப்பதால் அது கழிந்துவிடும். மண்ணாக இருந்தால் ஐம்பது குதிப்புக்குள் காலடியில் குழி விழும், அது கழியாது.

நின்ற நிலை உயரத்தை ஒவ்வொரு பருவத்திலும், குதிக்கும் அதே நாளில், குதிப்பதற்குச் சற்று முன் அளக்கிறோம். இதில்தான் அதிக நேரம் செலவிடுகிறோம். மாணவன் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, சுவரை ஒட்டிய கையை மட்டும் உயர்த்த வேண்டும். குதிகால் தரையில் இருக்க வேண்டும், தோள் காதை உரச வேண்டும், நடுவிரல் நுனியில் பூசிய சாக்பீஸ் மாவு பலகையில் படிய வேண்டும். தோளைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினால் இரண்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் குறையும். குதிக்கும்போதோ தோள் தானாகவே மேலேறிவிடும், எனவே அந்தக் குறைவு முழுவதும் குதிப்பின் கணக்கில் வரவாகும். மாணவர்கள் இதை மிக விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். “போதும் சார், இதுக்கு மேல எட்டாது” என்று முகத்தைச் சுளித்தபடி நிற்பவனின் முழங்கை சற்றே மடங்கியிருக்கும். மூன்று முறை நீட்டவைத்து, மூன்றில் மிக உயர்ந்ததை எழுதுகிறோம். முந்தைய பருவத்தைவிடக் குறைந்த உயரம் வந்தால் உடனே திரும்ப அளக்கிறோம், ஏனென்றால் வளரும் பிள்ளையின் கை குட்டையாவதில்லை.

குதிப்பில் அடி எடுத்து வைக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, கையை வீசி, ஒரே மூச்சில் எழலாம். கைவீச்சைத் தடைசெய்தால் அளவு இன்னும் தூய்மையாக இருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் இடுப்பில் கை வைத்தபடி சுவரைத் தொட முடியாது, அதற்கு வேறு கருவி வேண்டும். பழகிக்கொள்ள இரண்டு குதிப்பு, அதன்பின் எண்ணுவதற்கு மூன்று குதிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம். மூன்றையும் எழுதி, சிறந்த இரண்டின் சராசரியைக் கணக்கில் எடுக்கிறோம். உச்சிக்கு எழும் முன்போ இறங்கத் தொடங்கிய பின்போ பலகையைத் தட்டுவது புதிதாகக் குதிப்பவர்களின் வழக்கம். அதனால் சோதனைக்கு முந்தைய வாரத்தில் இரண்டு நாள் இதை விளையாட்டாகப் பழகவிடுகிறோம். இல்லாவிட்டால் முதல் பருவத்துக்கும் இரண்டாம் பருவத்துக்கும் இடையில் ஏறுவது கால் வலுவல்ல, தட்டும் பழக்கம்.

கைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் கால் தரையை விட்ட கணத்துக்கும் மீண்டும் தொட்ட கணத்துக்கும் இடையிலுள்ள சட்டகங்களை எண்ணிக் கணக்கிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கு எளிது:

```
h = g × t² / 8
```

காற்றில் இருந்த நேரம் 0.50 வினாடி என்றால் உயரம் 30.7 சென்டிமீட்டர். வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் கைபேசியில் ஒரு சட்டகம் தவறினால் அரை சென்டிமீட்டர்தான் பிசகும், ஆனால் சாதாரணமான 30 சட்டகக் காணொளியில் நான்கு சென்டிமீட்டர் பிசகும். நல்ல முறைதான், ஆனால் முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்குபவன் காற்றில் கூடுதல் நேரம் இருந்ததாகக் கணக்காகும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சுவர்முறை பாதம் பதிந்த நிலையிலிருந்து கணக்கிடுகிறது, காணொளிமுறை நுனிக்கால் தரையை விட்ட நிலையிலிருந்து கணக்கிடுகிறது. குதிகால் எழும்பிய உயரம் சுவர்முறையில் சேரும், மற்றதில் சேராது. ஆகவே ஒரே குதிப்புக்குச் சுவர்முறை பல சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். எந்த முறையையும் எடுத்துக்கொள்ளலாம். நடு ஆண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடாது. நாங்கள் சுவரிலேயே நின்றுவிட்டோம்.

ஓட்டத்துக்கு வகுத்த முறை

பாதையை வடக்கு-தெற்காகத் திருப்பினோம். எங்கள் ஊரின் மேல்காற்று குறுக்கே அடிக்கும்போது அது ஓட்டத்தைத் தள்ளுவதும் இழுப்பதும் வெகுவாகக் குறைகிறது. சோதனை காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் முடிந்துவிடும். பாதையோரக் கம்பில் ஒரு பட்டுநாடா கட்டியிருக்கிறது. அது கம்பை ஒட்டித் தொங்கினாலோ லேசாக அலைந்தாலோ ஓடலாம், விறைத்து நீண்டு நின்றால் அன்று சோதனை கிடையாது. காற்றை அளக்கும் கருவி இல்லாத பள்ளிக்கு இதற்கு மேல் வழியில்லை. ஆடி மாதத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட நேர்ந்தது.

பழைய பாதையில் முடிவுக்கோட்டுக்கு நான்கு மீட்டரில் மதில் இருந்ததால் மாணவர்கள் கோட்டைத் தொடும் முன்பே வேகத்தைக் குறைத்தார்கள். புதிய பாதையில் 14 மீட்டர் ஓடிநிற்க இடம் விட்டு, 35-ஆவது மீட்டரில் ஒரு கூம்பை வைத்து, “அந்தக் கூம்பு வரை ஓடு” என்றே சொல்கிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் எஃகு டேப்பால் அளந்து, தரைமட்டத்துக்குக் கீழே இரும்பு முளைகளை அறைந்திருக்கிறோம். சுண்ணாம்புக்கோடு மாதத்தில் அழிந்துவிடும், முளை அங்கேயே இருக்கும்.

முன்காலின் நுனி கோட்டை ஒட்டி, மற்றொரு கால் பின்னால், உடலை முன்பின் ஆட்டாமல் நின்ற நிலைத் தொடக்கம். ‘செட்’ என்ற பிறகு ஆடினால் திரும்ப நிறுத்துகிறோம். ‘கோ’ சொல்லும்போதே கொடி தாழும். முடிவுக்கோட்டின் நேர்க்கோட்டில் மூன்று பேர் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்று கொடியைப் பார்த்துத் தொடங்கி, மாணவனின் தலையோ கையோ அல்ல, மார்புப் பகுதி கோட்டைக் கடக்கும்போது நிறுத்துகிறார்கள். தடகள விதிப்படியே, மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அந்த நேரம், மூன்றும் வெவ்வேறானால் நடுவில் உள்ள நேரம். நேரம் எடுப்பவர்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள். சோதனைக்கு முன் இருபது ஓட்டங்களை எடுத்துப் பழகுகிறார்கள், ஆண்டு முழுவதும் அதே மூவர். மூவரில் ஒருவர் மட்டும் எப்போதும் பத்தில் ஒரு வினாடி விரைவாக நிறுத்துகிறார் என்பது அந்தப் பழகலிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர் கோட்டின் நேரே நிற்காமல் சற்று முன்தள்ளி நிற்பவராக இருப்பார்.

இரண்டு ஓட்டங்கள், இடையே நான்கு நிமிடம், இரண்டின் சராசரி. எல்லாரும் வெறுங்கால். மழை பெய்தால் தரையில் குதிகால் அழுந்தாத அளவுக்கு உலரும்வரை காத்திருக்கிறோம். ஒளிக்கதிர்க் கருவி வைத்து அளக்கும் முகாம்களின் நேரத்தை இந்தப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. கையால் எடுத்த நேரத்தோடு 0.24 வினாடி கூட்டினால் மின்னணு நேரமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது 100, 200 மீட்டர் பந்தயங்களுக்கு, துப்பாக்கித் தொடக்கத்துக்கு ஏற்பட்ட பொதுத் திருத்தம். எங்கள் கொடிக்கும் எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் அது பொருந்த வேண்டிய அவசியமில்லை.

எவ்வளவு மாறினால் மாற்றம்?

இவ்வளவு கட்டுப்படுத்தியும் ஒரே மாணவன் செவ்வாயன்றும் வியாழனன்றும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அந்த இயல்பான ஆட்டம் எவ்வளவு என்று தெரியாமல் பருவ மாற்றத்தைப் படிக்க முடியாது. ஆகவே 2023 ஜூலையில் 12 மாணவர்களை ஒரே வாரத்தில் இரு நாள் சோதித்தோம். இரண்டு நாளில் யாருடைய கால்வலுவும் மாறியிருக்காது. குதிப்பில் வியாழன் எண்ணிலிருந்து செவ்வாய் எண்ணைக் கழித்தபோது சென்டிமீட்டரில் கிடைத்தவை: 1, -2, 0, 1, 2, -1, 0, -1, 2, 0, 1, -2. கூட்டினால் 1 மட்டுமே மிஞ்சுவதால், இரண்டாம் நாள் பழக்கத்தால் எல்லாரும் ஏறிவிடவில்லை என்று தெரிகிறது. இந்த வேறுபாடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 1.38. அதை 1.96-ஆல் பெருக்கினால், இருபதில் பத்தொன்பது வேறுபாடுகள் அடங்கும் எல்லையாக 2.7 வருகிறது. விரிதாளில் வேறுபாடுகள் D பத்தியில் இருந்தால்:

```
=1.96*STDEV(D2:D13)
```

இதன் பொருள் எளிது. எந்த உண்மையான மாற்றமும் இல்லாதபோதுகூட ஒரு மாணவனின் இரு அளவுகள் 2.7 சென்டிமீட்டர் வரை விலகலாம். எனவே 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஏற்றத்தைத் தனி மாணவனின் முன்னேற்றமாக நாங்கள் எழுதுவதில்லை. ஓட்டத்தில் வேறுபாடுகளின் திட்டவிலக்கம் 0.09 வினாடி, எனவே எல்லை 0.18. கையால் எடுக்கும் 30 மீட்டர் நேரத்தின் பலவீனம் இங்கே பச்சையாகத் தெரிகிறது. ஒரு பருவத்தில் ஒரு பையன் உண்மையிலேயே பத்தில் ஒரு வினாடி வேகம் கூடியிருந்தாலும் எங்கள் முறை அதை உறுதியாகச் சொல்லாது. குழுச் சராசரிக்கு இந்த எல்லை சுருங்கும், ஏனென்றால் 22 பேரின் ஆட்டங்கள் ஒன்றையொன்று பெருமளவு தின்றுவிடுகின்றன. 2.7-ஐ 22-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.6 சென்டிமீட்டர், 0.18-ஐ அப்படியே வகுத்தால் 0.04 வினாடி. பன்னிரண்டு பேரிலிருந்து எடுத்த எல்லை என்பதால் இதையும் கல்லில் செதுக்கியதாகக் கொள்ளவில்லை, ஆண்டுதோறும் ஜூலையில் திரும்ப எடுக்கிறோம்.

புதிய முறையில் 2023–24 கல்வியாண்டின் மூன்று பருவங்களும் முடிந்தபோது, 22 பேர் கொண்ட குழுவின் குதிப்புச் சராசரி 35.1, 36.2, 36.7 என்று வந்தது. ஓட்டம் 4.94, 4.90, 4.86. முதன்முறையாக இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தன. ஓராண்டில் 1.6 சென்டிமீட்டரும் 0.08 வினாடியும், குழுவைப் பொறுத்தவரை நம்பத்தக்க மாற்றங்கள். தனியாகப் பார்த்தால் குதிப்பில் ஐந்து பேர் மட்டுமே 3 சென்டிமீட்டரைத் தாண்டினார்கள், ஓட்டத்தில் இரண்டு பேர் மட்டுமே 0.18-ஐத் தாண்டினார்கள். இவற்றில் வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதற்குப் பயிற்சி பெறாத அதே வயதுப் பிள்ளைகளையும் இதே முறையில் அளக்க வேண்டும், அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. 2022-இன் ஐந்து மாத ‘முன்னேற்றம்’ 5.3 சென்டிமீட்டர் என்று தலைமையாசிரியருக்குக் கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்கி, திருத்தம் எழுதிக் கொடுத்தோம்.

2024 ஜூனில் என் சக ஆசிரியர் மாறுதலாகிப் போனார், அவர் இடத்துக்கு வந்தவர் குதிப்பை அளக்கும் பொறுப்பை ஏற்றார். முதல் சோதனைக்கு முன் பன்னிரண்டு மாணவர்களை நானும் அவரும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், அடுத்தடுத்து அளந்தோம். குதித்துத் தொட்ட உயரத்தில் எங்களுக்குள் வேறுபாடே இல்லை எனலாம். நின்ற நிலை உயரத்தில் மட்டும் அவர் அளவு என்னுடையதைவிடச் சராசரியாக 1.5 சென்டிமீட்டர் குறைவு. அவர் மாணவனின் தோளைப் பார்க்காமல் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கை வைத்து நிமிர்த்திவிட்டு அளக்கச் சொன்னேன், மறுநாள் அந்த வேறுபாடு 0.3-ஆகக் குறைந்தது. பதிவேட்டின் புதிய பக்கத்தில் தேதிக்கு அடுத்து ‘அளந்தவர்’ என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது.